ஊசி அளவு குறைகிறது, நோய் போய்விட்டதா?

பிள்ளைக்கு டைப் 1 சர்க்கரை என்று தெரிந்து, ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்துவிட்டு வீடு திரும்பிய சில வாரங்களில், பல வீடுகளில் ஒரே கேள்வி எழுகிறது: "டாக்டர் எழுதிய அளவைத்தான் போடுகிறோம். ஆனாலும் சுகர் இறங்கிக்கொண்டே போகிறது. நோய் குணமாகிவிட்டதா?"

குணமாகவில்லை. இதை டாக்டர்கள் 'ஹனிமூன்' காலம் என்பார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் இது வருவதில்லை. ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கும், முதல் நாளிலேயே கீட்டோன் ஏறி மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கும் இது வராமலே போகலாம், வந்தாலும் சீக்கிரம் முடிந்துவிடலாம். மற்றவர்களில் பலருக்குச் சில மாதங்கள் இருக்கும். ஒரு சிலருக்கு ஒரு வருடத்தைத் தாண்டும்.

டைப் 1 நோயில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிக்கிறது. நோய் தெரியவரும் நாளில் எல்லா செல்களும் அழிந்திருப்பதில்லை. ஆனால் இரத்தத்தில் 400, 500 என்று ஏறி நிற்கும் சர்க்கரை, மிச்சமிருக்கும் செல்களையும் முடக்கிப்போட்டிருக்கும். ஊசி போட்டுச் சர்க்கரை இறங்கியதும் அந்த செல்களுக்கு ஓய்வு கிடைக்கிறது. மறுபடி கொஞ்சம் சுரக்க ஆரம்பிக்கின்றன. உடம்பும் முன்பைவிட இன்சுலினுக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது. எனவே வெளியிலிருந்து போடும் அளவு குறைந்தாலே போதும் என்றாகிறது. செல்கள் அழிவது மட்டும் நிற்பதில்லை. அது உள்ளே மெதுவாக நடந்துகொண்டேதான் இருக்கிறது.

30 கிலோ எடையுள்ள 11 வயது மகளை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது, இரவில் நீண்டநேர இன்சுலின் 10 யூனிட். சாப்பாட்டுக்கு முன் போடும் வேகமான இன்சுலின் காலையில் 5, மதியம் 4, இரவு 5. மொத்தம் 24. மூன்றாவது வாரம் பள்ளியில் பதினொரு மணிக்குக் கை நடுங்கி, வியர்த்து, 58 காட்டுகிறது. இரண்டு நாள் கழித்து விடியற்காலை 64.

இந்த இரண்டும் ஒரே மாதிரி இறக்கம் அல்ல. பதினொரு மணி இறக்கம் பெரும்பாலும் காலை ஐந்து யூனிட்டின் வேலை. விடியற்காலை இறக்கம் இரவுப் பத்து யூனிட்டின் வேலை. எந்த நேரத்தில் இறங்குகிறது என்று நோட்டில் இருந்தால்தான் எந்த ஊசியைக் குறைப்பது என்று டாக்டரால் சொல்ல முடியும். "இந்த வாரம் அடிக்கடி லோ ஆகிறது" என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. அதனால் ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்பும், படுக்கும் முன்பும் பார்த்து எழுதுங்கள். அளவு மாற்றிய நாட்களில் இரவு இரண்டு, மூன்று மணிக்கும் ஒருமுறை பாருங்கள். 70க்குக் கீழே வந்தால் அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே போன் செய்யுங்கள்.

அதற்கு முன் கைவைத்தியம் உடனே நடக்க வேண்டும். இந்த எடையுள்ள பிள்ளைக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் மீண்டும் கொடுங்கள். பிஸ்கட்டும் சாக்லேட்டும் இதற்கு மெதுவானவை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

நமது உதாரணத்தில் டாக்டர் வாராவாரம் குறைத்துக்கொண்டே வருகிறார். இரண்டாம் மாதக் கடைசியில் இரவு 4, சாப்பாட்டுக்கு 2, 1, 2. மொத்தம் 9 யூனிட். காலை வெறும் வயிற்றில் 95, 105. மூன்று மாதச் சராசரி 6.6. அளவு இவ்வளவு சிறிதாகும்போது ஒரு யூனிட் கூடினாலே இறங்கிவிடும். அரை யூனிட் போடக்கூடிய பேனா கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஆபத்தான நேரம் இதுதான். இதே வாரங்களில் யாரோ சொல்லி ஒரு கஷாயம் ஆரம்பித்திருப்பார்கள், அல்லது ஒரு லேகியம் வாங்கியிருப்பார்கள். சர்க்கரை இறங்கிய பெயர் அதற்குப் போய்விடும். "24 யூனிட் 9 ஆயிற்று, அதையும் நிறுத்திப் பார்ப்போமே" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். நிறுத்தினால் முதல் ஒன்றிரண்டு நாள் ஒன்றும் தெரியாமலும் போகலாம். அதன்பின் தாகம், அடிக்கடி சிறுநீர், வயிற்றுவலி, வாந்தி, வேகமான மூச்சு என்று வந்தால் அது கீட்டோன் ஏறிய அடையாளம். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. ஓதிப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். ஊசி நிற்கக் கூடாது. அபூர்வமாகச் சில பிள்ளைகளுக்கு டாக்டரே மிகச் சிறிய அளவுக்குக் கொண்டுவருவதுண்டு. ஆனால் அதை அவர் முடிவு செய்ய வேண்டும், நோட்டைப் பார்த்து.

ரமலானில் மற்ற பிள்ளைகளைப் பார்த்து, இவளும் அரை நாள் நோன்பாவது வைக்கிறேன் என்று கேட்பாள். பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை. நோயாளிக்கும் மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. இன்று எவ்வளவு சுரக்கும் என்று கணையத்துக்கே தெரியாத இந்த மாதங்களில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

இந்தக் காலம் முடிவதும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. எட்டாவது மாதம் ஒரு காய்ச்சல் வருகிறது. காய்ச்சலில் எந்தப் பிள்ளைக்கும் கூடுதல் இன்சுலின் தேவைப்படும். சுகர் 250ஐத் தாண்டினாலோ வாந்தி வந்தாலோ, ஸ்ட்ரிப் வைத்துச் சிறுநீரில் கீட்டோன் பாருங்கள்; கீட்டோன் காட்டி வாந்தியும் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாந்தி என்பதற்காக இரவு ஊசியை விடக் கூடாது.

காய்ச்சல் விட்டு ஒரு வாரமாகிறது. எண் மட்டும் பழைய இடத்துக்கு வரவில்லை. காலையில் 140, பிறகு 165, பிறகு 190. சாப்பாடு அதேதான், ஊசியும் அதேதான். இந்த வாரத்தில்தான் வீட்டில் விசாரணை ஆரம்பிக்கும். பிள்ளை திருட்டுத்தனமாக இனிப்புத் தின்றாளா, வாப்பும்மா பாசத்தில் கொடுத்துவிட்டார்களா, உம்மா ஊசி போட மறந்தாளா? பிள்ளை இல்லை என்று அழுதாலும் நம்ப ஆளிருக்காது. அடுத்த முறை எண் கூடினால் நோட்டில் பொய் எழுதப் பழகிக்கொள்வாள். அந்தப் பொய்யை வைத்துத்தான் டாக்டர் அளவு சொல்லுவார்.

விசாரிக்க வேண்டியவை வேறு. திறந்து 28 நாளுக்கு மேலான இன்சுலினா? வெயிலில் பையில் கிடந்ததா? ஒரே இடத்தில் குத்திக் குத்தி அங்கே தோல் தடித்திருக்கிறதா? இவை எதுவும் இல்லை, மூன்று நான்கு நாளாகத் தொடர்ந்து ஏறுகிறது என்றால், மிச்சமிருந்த செல்களின் சுரப்பு குறைந்துவருகிறது என்றே பெரும்பாலும் பொருள். நோட்டோடு டாக்டரைப் பாருங்கள்.

இப்போது மகள் 33 கிலோ. அளவு 9லிருந்து 14, 20 என்று ஏறி, சில மாதங்களில் 28இல் வந்து நிற்கிறது. நோய் முற்றிவிட்டதோ என்று வாப்பா கேட்பார். முற்றவில்லை. கணையம் இத்தனை நாள் கொடுத்த பங்கையும் இனி ஊசிதான் கொடுக்கிறது. பருவமடையும் வயதில் கிலோவுக்கு ஒரு யூனிட்டைத் தாண்டியும் தேவைப்படலாம். அதை இப்போதே வீட்டாருக்குச் சொல்லிவைத்தால், அன்றைக்கு இன்னொரு விசாரணை நடக்காது.