தலைக்கவசத்தின் முத்திரை உண்மையானதா?

சித்தூரில் வசிக்கும் தந்தை. 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பதியில் புதிதாகப் பணியில் சேர்ந்து, இருசக்கர வாகனம் வாங்கியிருக்கும் மகள். சாலையோரத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் தலைக்கவசங்களுள் ஒன்றை அவள் கைப்பேசியில் படமெடுத்து, "இதை வாங்கலாமா அப்பா?" என்று கேட்டு அனுப்புகிறாள். நம் வீடுகளில் இன்று அன்றாடம் நிகழக்கூடிய காட்சி இது. பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க இயலாத தந்தை, படத்தை மட்டும் கொண்டு என்ன சொல்ல முடியும்? இந்தக் குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, வழிமுறையைப் படிப்படியாகக் காண்போம்.

முதலில் கேட்க வேண்டிய படங்கள்

முன்பக்கத்தை மட்டும் காட்டும் ஒரு படத்தால் பயனில்லை. நான்கு படங்கள் தேவை. முதலாவது, வெளியோட்டின் வடிவமும் முகக்கண்ணாடி பொருத்தப்பட்டுள்ள இடமும் தெரியும் பக்கவாட்டுப் படம். இரண்டாவது, முத்திரை ஒட்டுவில்லையை மிக அருகிலிருந்து நேராக எடுத்த படம். மூன்றாவது, தாடைப் பட்டையிலும் உட்புறத் துணியிலும் உள்ள சீட்டுகளின் படம். நான்காவது, துணியைச் சற்று விலக்கியபின் தெரியும் உள்ளடுக்கின் படம்.

பக்கவாட்டுப் படமும் உட்புறச் சீட்டும் அது எந்த நிறுவனத்தின் எந்த மாதிரி என்பதைக் கண்டறிய உதவுகின்றன. வெளியே வரையப்பட்ட வண்ணக் கோலங்களை எவரும் நகலெடுக்கலாம். ஆகவே அவற்றை நம்பக்கூடாது. காற்றுத் துளைகளின் எண்ணிக்கை, முகக்கண்ணாடியின் திருகமைப்பு, பின்விளிம்பின் வளைவு ஆகியவற்றை நிறுவனத்தின் இணையதளத்திலுள்ள படத்தோடு ஒப்பிட வேண்டும். இவை அச்சு வார்ப்பில் அமைபவை. வண்ணத்தைப் போல எளிதில் மாற்ற இயலாதவை.

ஒட்டுவில்லையில் இருக்க வேண்டியவை

ஐ.எஸ்.ஐ. என்பது 1947இல் தோன்றிய இந்தியத் தர நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம். அந்நிறுவனம் 1987இல் இந்தியத் தர நிர்ணய அமைவனமாக மாறிய பின்னரும் முத்திரை பழைய பெயரிலேயே நிலைத்துவிட்டது. 2021 ஜூன் 1 முதல், இருசக்கர வாகன ஓட்டிகளுக்கான தலைக்கவசங்கள் இம்முத்திரை பெற்றிருக்க வேண்டும் என்பது நடுவணரசின் தரக் கட்டுப்பாட்டு ஆணை.

முறையான முத்திரையில் மூன்று பகுதிகள் உண்டு. நடுவில் ஐ.எஸ்.ஐ. சின்னம், அதன் மேலே தலைக்கவசத்துக்குரிய தர எண்ணான IS 4151, கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண். உரிம எண்ணில் ஏழு அல்லது பத்து இலக்கங்கள் இருக்கும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஐயம் கொள்ள வேண்டும். மகள் அனுப்பிய முதல் படத்தில் சின்னம் மட்டுமே இருந்தது. மேலும் எண்ணில்லை, கீழும் எண்ணில்லை. அதனருகே டி.ஓ.டி. என்ற மூன்றெழுத்தும் மின்னியது. அது அமெரிக்க விதிக்கு இசைந்ததென உற்பத்தியாளர் தாமே அளிக்கும் உறுதிமொழி, இந்தியாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு ஈடாகாது. "அதை வைத்துவிடு அம்மா" என்று தந்தை பதில் அனுப்பினார்.

எண்ணைப் பதிவேட்டோடு பொருத்துதல்

இரண்டாவது தலைக்கவசத்தின் முத்திரை முழுமையாக இருந்தது. அச்சும் தெளிவு. பெரும்பாலோர் இங்கேயே மனநிறைவு அடைந்துவிடுகிறார்கள். ஆனால் ஓர் ஒட்டுவில்லையை அச்சிடுவது எவர்க்கும் எளிது. அதன் அச்சழகு எதையும் மெய்ப்பிப்பதில்லை. அதிலுள்ள எண்ணே சான்று.

தந்தை தமது கைப்பேசியில் BIS CARE என்னும் செயலியைத் திறந்து, Verify Licence Details என்ற பகுதியில் அந்த எண்ணை இட்டார். வளைந்த பரப்பில் எடுத்த படங்களில் 3உம் 8உம், 0உம் 6உம் ஒன்றுபோலத் தோன்றும். எனவே மகளிடம் தொலைபேசியில் எண்ணை ஒருமுறை வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். செயலி காட்டும் விவரங்களுள் நான்கைக் கவனிக்க வேண்டும். உரிமம் தலைக்கவசத்துக்கு உரியதுதானா? உற்பத்தியாளரின் பெயரும் முகவரியும் சீட்டில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா? தலைக்கவசத்தின் மேலுள்ள வணிகப்பெயர் அவ்வுரிமத்தில் இடம்பெற்றுள்ளதா? உரிமம் நடப்பில் இருக்கிறதா?

முதல் மூன்றும் பொருந்தின. நான்காவதில் உரிமம் காலாவதியாகியிருந்தது. இதனாலேயே அதைப் போலி என்று சொல்லிவிட முடியாது; உரிமம் நடப்பில் இருந்த காலத்தில் செய்த சரக்கு பின்னரும் கடையில் இருக்கக்கூடும். ஆகவே உட்புறச் சீட்டிலுள்ள உற்பத்தி மாதத்தையும் ஆண்டையும் பார்க்க வேண்டும். இங்கே உற்பத்தி மாதம், உரிமம் முடிந்த நாளுக்குப் பிந்தியதாக இருந்தது. அதாவது, எண் மெய்யானது. அதைப் பயன்படுத்தும் உரிமைதான் இல்லை.

இது அரிதான நிலையன்று. 2025 ஜூலையில் நடுவணரசு அளித்த தகவலின்படி, தில்லியில் ஒரு சோதனையில், உரிமம் காலாவதியான அல்லது இரத்து செய்யப்பட்ட ஒன்பது உற்பத்தியாளர்களிடமிருந்து 2,500க்கும் மேற்பட்ட தலைக்கவசங்கள் கைப்பற்றப்பட்டன.

படம் சொல்லாதவை

மூன்றாவதாக, ஒரு கடைக்குள் சென்று மகள் படமெடுத்த தலைக்கவசத்தில் அனைத்தும் பொருந்தின. ஆயினும் நடப்பிலுள்ள ஒருவரது உரிம எண்ணையும் வணிகப்பெயரையும் சேர்த்தே திருடுவோர் உண்டு. அந்நிலையில் செயலியும் ஏமாறும். எனவே கடைசிச் சோதனையைப் பொருளைக் கையில் வைத்திருப்பவரே செய்ய வேண்டும்.

உள்துணியை விலக்கினால், வெளியோட்டை ஒட்டி, கெட்டியான தெர்மோகோல் அடுக்கு தலை முழுவதையும் சூழ்ந்திருக்க வேண்டும். விழும்போது ஏற்படும் அதிர்ச்சியை நசுங்கி ஏற்றுக்கொள்வது இந்த அடுக்கே. விரலால் அழுத்தினால் எளிதில் அமுங்கி மீளும் பஞ்சு மட்டும் இருந்தால், அது தலைக்கு மெத்தையே தவிரக் காப்பன்று. அடுத்து, அளவு. சீட்டில் 580 என்றிருந்தால், புருவத்துக்கு மேலாகத் தலையைச் சுற்றி அளந்தால் 58 சென்டிமீட்டர் வருவோர்க்கு அது உரியது. அணிந்து, தாடைப் பட்டையைப் பூட்டி, பின்விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தள்ளினால் கழன்று வரக்கூடாது. மகள் அணிந்து பார்த்தது 600 என்னும் அளவு. அது கழன்று வந்தது. அதே மாதிரியில் 580 அளவைக் கேட்டு வாங்கினாள்.

அந்தத் தனி உருப்படியின் ஒட்டுவில்லையையும் மீண்டும் சரிபார்க்கத் தந்தை மறக்கவில்லை. மாதிரிக்காக வைத்திருந்த கவசம் ஒன்றாகவும், பெட்டியிலிருந்து எடுத்துத் தருவது வேறாகவும் இருக்கலாம்.

இரசீது

யு.பி.ஐ. வழியே செலுத்திய தொகை வங்கிக் கணக்கில் பதிவாகிறது. ஆனால் எந்தப் பொருளுக்காகச் செலுத்தினீர்கள் என்பதை அப்பதிவு சொல்லாது. வணிகப்பெயர், மாதிரி, அளவு ஆகியவை குறித்த இரசீதைக் கேட்டுப் பெறுங்கள். ஒட்டுவில்லையின் படத்தையும் அதனோடு சேர்த்து வையுங்கள். முத்திரை போலியெனப் பின்னர் தெரியவந்தால், அதே செயலியிலேயே புகார் அளிக்கலாம். அப்போது இந்த இரண்டும் உங்கள் கையில் சான்றாக இருக்கும்.