விழா நான்கு மணி நேரம், அரங்கம் எவ்வளவு நேரம்?

பள்ளி ஆண்டு விழாவுக்கு அரங்கம் கேட்டு எழுதும் கடிதம் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். "எங்கள் பள்ளியின் ஆண்டு விழாவைத் தங்கள் அரங்கில் நடத்த விரும்புகிறோம், அனுமதி தந்து உதவ வேண்டுகிறோம்" என்று பணிவாக நாலு வரி, கீழே கையெழுத்து, முத்திரை. அதைக் கையில் வாங்கும் அரங்க மேலாளரால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் மேசையில் ஒரு முன்பதிவு நோட்டு இருக்கிறது. அதில் நாளும் நேரமும் குறித்த கட்டங்கள் இருக்கின்றன. எந்தக் கட்டத்தில் பெயர் எழுதுவது, எத்தனை பேர் வருவார்கள் என்ற இரண்டும் தெரியாமல் அவர் பேனாவைத் திறக்க மாட்டார். உடனே தொலைபேசி வரும்: "மேடம், எத்தனை மணிக்கு உள்ளே வருவீங்க? கூட்டம் எவ்வளவு?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் கடிதமே விடை சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு மாவட்டத் தலைநகரில் உள்ள தொடக்கப்பள்ளியை எடுத்துக்கொள்வோம். 360 குழந்தைகள். அண்ணன் தங்கை என்று சேர்ந்து படிப்பவர்களைக் கழித்தால் 300 குடும்பங்கள். ஊரில் கிடைக்கும் அரங்கில் 850 நாற்காலிகள். விழா மாலை 5 மணிக்குத் தொடங்கி 9 மணிக்கு முடியும்.

முதலில் நேரம். அழைப்பிதழில் நான்கு மணி நேரம்தான். ஆனால் பின்திரை கட்டுபவர், ஒலி ஒளி அமைப்பவர், எல்.இ.டி. திரை கொண்டுவருபவர் மூவரும் ஒருவர் பின் ஒருவராகத்தான் மேடையில் ஏற முடியும். திரை நின்ற பிறகுதான் விளக்கை அதன்மேல் திருப்பிச் சரிபார்க்க முடியும். இதற்கே நாலைந்து மணி நேரம் போய்விடும். பிறகு குழந்தைகள் ஒருமுறையாவது அந்த மேடையில் ஏறி இறங்க வேண்டும். வகுப்பறையில் பழகிய ஆட்டம் பெரிய மேடையில் ஒரு மூலையில் ஒடுங்கிவிடும். எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறுவது என்பது அங்கே போனால்தான் புரியும். விழா முடிந்தபின் பொருள்களை இறக்கி, இடத்தைக் கூட்டி, சாவியை ஒப்படைக்க இன்னும் ஒரு மணி நேரம். ஆக, நான்கு மணி நேர விழாவுக்கு அரங்கம் காலை 9 முதல் இரவு 10 வரை வேண்டும். முந்தைய நாள் ஒத்திகைக்கு மேடை மட்டும் இரண்டு மணி நேரம்.

இதைக் கடிதத்தில் எழுதாமல் "மாலை 5 முதல் 9 வரை" என்று மட்டும் கேட்டால் என்ன நடக்கும்? பல அரங்குகள் நாளைக் காலை, மாலை என்று இரண்டாகப் பிரித்து வாடகைக்கு விடுகின்றன. மேலாளர் காலைப் பொழுதை ஒரு நிச்சயதார்த்தத்துக்கோ கருத்தரங்குக்கோ கொடுத்திருப்பார். அவர் மேல் தப்பில்லை. மூன்று மணிக்கு அவர்கள் பந்தி முடித்துக் கிளம்பும்வரை உங்கள் பின்திரைக்காரர் வாசலில் லாரியோடு நிற்பார். ஐந்து மணிக்குப் பெற்றோர் வந்து உட்காரும்போது மேடையில் ஏணி இருக்கும்.

இரவு 10 மணி என்ற எல்லையைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. மூடிய அரங்குக்குள் அங்கிருப்பவர்கள் கேட்பதற்காக வைக்கும் ஒலிபெருக்கிக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் வாசலிலும் வாகன நிறுத்தத்திலும் கட்டும் பெட்டிகளுக்கு விலக்கில்லை. அரங்குக்கென்று தனியாக ஒரு மூடும் நேரமும் இருக்கும். அதைத் தாண்டினால் பெரும்பாலும் கூடுதல் வாடகை. எனவே முடிக்கும் நேரத்தையும் ஒப்படைக்கும் நேரத்தையும் தனித்தனியாக எழுதுவது நல்லது.

தேதி கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ஒரே ஒரு தேதியைக் கேட்டால் "இல்லை" என்ற ஒரு சொல்லோடு கடிதம் திரும்பிவிடும். மூன்று தேதிகளை விருப்ப வரிசையில் கொடுக்க வேண்டும். அதில் ஒன்று வார நாளாக இருக்கட்டும். தை மாதத்தில் முகூர்த்த நாள்களுக்குக் கல்யாணக்காரர்கள் பல மாதங்களுக்கு முன்பே முந்திக்கொள்வார்கள். சனி ஞாயிறோடு முகூர்த்தமும் சேர்ந்த நாள் பள்ளிக்குக் கிடைப்பது அரிது. ஜனவரி 30 சனிக்கிழமையாக வந்தாலும் காந்தியடிகளின் நினைவு நாளில் ஆட்டமும் பாட்டமும் வைக்கப் பலர் தயங்குவார்கள். தேதியோடு கிழமையையும் சேர்த்து எழுதுங்கள். எண்ணில் ஒரு பிழை நேர்ந்தாலும் கிழமை காட்டிக்கொடுத்துவிடும்.

இனி கூட்டம். இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். 360 குழந்தைகள் இருப்பதால் "சுமார் 700 பேர்" என்று குத்துமதிப்பாக எழுதுவார்கள். குடும்பக் கணக்குப் போட்டால் கதை வேறு. தொடக்கப்பள்ளி விழாவுக்கு அப்பா அம்மாவோடு தாத்தா பாட்டியும் கைக்குழந்தையும் வருவார்கள். குடும்பத்துக்கு மூன்று பேர் என்று வைத்தாலே 900. மேடையேறாமல் பார்க்க வரும் குழந்தைகள் 180. ஆசிரியர், பணியாளர், விருந்தினர் 40. மொத்தம் 1,120 பேர், 850 நாற்காலி.

மிஞ்சும் 270 பேருக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போடலாமே என்று தோன்றும். அவை நடைபாதையில்தான் விழும். மேலாளர் இதற்கு ஒப்பவே கூடாது. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த ஓலைப்பந்தல் தீப்பற்றி, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மணமகனும் அதில் ஒருவர். கூட்டம் ஒரே நேரத்தில் வெளியேற வேண்டிய கணத்தில் உயிர் காப்பவை படிக்கட்டும் கதவும் நடைபாதையும்தான். "கூட்டம் எவ்வளவு" என்று மேலாளர் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு இதுவே முதல் காரணம். குறைத்துச் சொல்லி அரங்கை வாங்கிவிடுவது நம் பிள்ளைகளையே ஆபத்தில் உட்கார வைப்பது.

வழி என்ன? குடும்பத்துக்கு இரண்டு நுழைவுச் சீட்டு. அப்போது பெற்றோர் 600, குழந்தைகள் 180, மற்றவர் 40, ஆக 820. நாற்காலி போதும். ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை. மேடையேறும் 180 குழந்தைகள் ஆடி முடித்ததும் எங்கே போவார்கள்? அம்மாவைத் தேடி அரங்குக்குள் வருவார்கள். ஏழரை மணிக்கு மேல் உள்ளே ஆயிரம் பேர் நெருக்கியடித்து நிற்பார்கள், நடைபாதை முழுக்க ஜிகினா உடைக் குழந்தைகள். அதனால் கீழ்த்தள உணவுக்கூடத்தையும் பிற்பகலிலிருந்தே கேட்டு வாங்க வேண்டும். ஒப்பனை அங்கே; ஆடி முடித்த குழந்தைகள் ஆசிரியர் பொறுப்பில் காத்திருப்பதும் அங்கே; அடையாளச் சீட்டைக் காட்டிப் பெற்றோர் அழைத்துச் செல்வதும் அங்கே. ஆக, கடிதத்தில் எழுத வேண்டியவை இரண்டு எண்கள். இருக்கைகளில் ஒரே நேரத்தில் அதிகபட்சம் 820 பேர். கட்டடத்துக்குள் மொத்தம் 1,000 பேர். முதல் எண்ணை வைத்து மேலாளர் அரங்கைத் தருவதா என்று முடிவு செய்வார். இரண்டாவது எண்ணை வைத்துத் தண்ணீர், கழிப்பறை, காவலாளி எல்லாவற்றையும் ஏற்பாடு செய்வார்.

இவ்வளவையும் சேர்த்தாலும் கடிதம் ஒரு பக்கம்தான். அந்தப் பள்ளி எழுதினால் இப்படி இருக்கலாம்:

நாள்: 05-10-2026

அனுப்புநர்: தலைமையாசிரியை (பள்ளியின் பெயர், முகவரி, தொலைபேசி எண்)

பெறுநர்: மேலாளர் (அரங்கின் பெயர், முகவரி)

பொருள்: பள்ளி ஆண்டு விழா – அரங்கம் வேண்டுதல் – 13-02-2027, சனிக்கிழமை

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தொடக்கப்பள்ளியின் ஆண்டு விழாவுக்குத் தங்கள் அரங்கை 13-02-2027, சனிக்கிழமை காலை 9 மணி முதல் இரவு 10 மணி வரை தந்துதவ வேண்டுகிறோம். விழா மாலை 5 மணி முதல் 9 மணி வரை நடைபெறும். மற்ற நேரம் மேடை அமைக்கவும் அரங்கைத் துப்புரவாக ஒப்படைக்கவும் தேவைப்படுகிறது. ஒத்திகைக்கு 12-02-2027, வெள்ளிக்கிழமை காலை 10 மணி முதல் 12 மணி வரை மேடை மட்டும் வேண்டும். அந்த நாள் இயலாவிட்டால் 20-02-2027, சனிக்கிழமை அல்லது 17-02-2027, புதன்கிழமை எங்களுக்கு ஏற்றது.

நுழைவுச் சீட்டு உள்ளவர்கள் மட்டுமே அனுமதிக்கப்படுவர். இருக்கைகளில் ஒரே நேரத்தில் அதிகபட்சம் 820 பேர் இருப்பர். மேடைக்குப் பின்னும் கீழ்த்தள உணவுக்கூடத்திலும் 180 குழந்தைகள் இருப்பர். அதற்காக உணவுக்கூடம் பிற்பகல் 2 மணி முதல் தேவை. ஏறத்தாழ 200 இருசக்கர வாகனங்களும் 60 கார்களும் வரலாம். பார்வையாளர் அனைவரும் பெற்றோர், ஆசிரியர், பள்ளியைச் சேர்ந்தோர். கட்டணம் வசூலிக்கப்படாது.

வாடகை, வரி, முன்பணம், காப்புத்தொகை, ஜெனரேட்டர் கட்டணம், ரத்து செய்தால் பணம் திரும்பும் விதம் ஆகியவற்றை எழுத்தில் தெரிவித்தால் முன்பணத்தை உடனே செலுத்துவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை

"கட்டணம் வசூலிக்கப்படாது" என்ற வரி வெறும் அலங்காரமாகத் தோன்றலாம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், கல்வி நிறுவனத்தின் நிகழ்ச்சியில் மாணவரும் ஆசிரியரும் பாடல், நாடகம் போன்றவற்றை நிகழ்த்தவும், பார்வையாளர் மாணவர், ஆசிரியர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையவர் என்ற அளவில் இருந்தால் ஒலிப்பதிவை ஒலிக்கவும் விலக்குத் தருகிறது. ஊருக்கே கதவைத் திறந்து நுழைவுக் கட்டணம் வாங்கும் இசை நிகழ்ச்சிக்கு அந்தச் சலுகை கிடையாது. உரிமம் எங்கே என்று மேலாளர் கேட்பதற்கு முன்பே, விழா எந்த வகை என்று கடிதம் சொல்லிவிடுகிறது.

யாருக்கு எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். அறக்கட்டளை அரங்குக்குச் செயலாளர் அல்லது மேலாளர். நகராட்சி, மாநகராட்சி அரங்குக்கு ஆணையர். அரசு சார்ந்த அரங்குகளில், அரசு நிகழ்ச்சி வந்தால் முன்பதிவை நீக்கும் உரிமை நிபந்தனைகளில் எழுதப்பட்டிருக்கக்கூடும். அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அழைப்பிதழ் அச்சடிக்கக் கொடுக்க வேண்டும். மேலாளர் வாயால் "சரிங்க மேடம், போட்டுட்டேன்" என்று சொல்வது உறுதியாகாது. தேதி, நுழையும் நேரம், வெளியேறும் நேரம், எந்தெந்த அறைகள் என்ற நான்கும் முன்பண ரசீதில் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்து வாங்க வேண்டும். உணவுக்கூடம் ரசீதில் விட்டுப்போவது அடிக்கடி நடக்கும். விழாவன்று அது பூட்டியிருந்தால் 180 குழந்தைகளுக்கு இடமில்லை.

விழாவுக்குப் பத்து நாள் முன்பு இன்னொரு சிறு கடிதம் போக வேண்டும். எத்தனை நுழைவுச் சீட்டுகள் உண்மையில் பெற்றோர் கைக்குப் போயின என்பது அப்போது தெரிந்திருக்கும். 600க்குப் பதில் 540தான் போயிருந்தால் அந்த 60 இடங்களைப் பாட்டி தாத்தாக்களுக்குத் தரலாமா என்று முடிவெடுத்து, இறுதி எண்ணை மேலாளருக்கும், தண்ணீரும் சிற்றுண்டியும் தருபவருக்கும் ஒரே நாளில் எழுதித் தெரிவிக்கலாம்.