வெள்ளிக்கிழமைக் குத்பாவைத் தமிழில் சுருக்கித் தருதல்

ஹைதராபாத்தில் குடியேறி வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு வெள்ளிக்கிழமை ஒரு சிறு சங்கடத்தைத் தருகிறது. இந்நகரின் பள்ளிவாசல்களில் தொழுகைக்கு முன் நடைபெறும் பயான் பெரும்பாலும் உருது மொழியில் அமைகிறது. அதன்பின் இமாம் மிம்பரில் ஏறி நிகழ்த்தும் குத்பா அரபு மொழியில் அமைகிறது. நாகூரிலிருந்து வேலை நிமித்தம் வந்த ஒருவர் சில ஆண்டுகளில் உருதுவைப் புரிந்துகொள்ளக்கூடும். அரபு அவருக்கு ஓதத் தெரிந்த மொழியேயன்றிப் பொருள் தெரிந்த மொழியன்று. இல்லத்துப் பெண்டிரோ, பல பள்ளிவாசல்களில் ஜும்ஆவுக்குச் செல்வதில்லை. ஆகவே, குத்பாவின் கருத்தைத் தமிழில் சுருக்கி இதழ்களில் வெளியிடுவது இவர்களுக்கு மிகவும் பயன்படும். அப்பணியை எவ்வாறு செய்வது, எங்கே சறுக்கல் நேரும் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாகக் காண்போம்.

குத்பா நிகழும்போது குறிப்பெடுக்கலாம் என எண்ணுவது முதற்பிழை. இமாம் மிம்பரில் பேசத் தொடங்கிய பின் கேட்போர் வாய் திறத்தலாகாது; பேசுகின்றவரைப் பார்த்து, “சும்மா இரும்” எனச் சொல்வதுகூட வீண்பேச்சாகும் என்பது நபிமொழி. அவ்வேளையில் காகிதமும் எழுதுகோலுமாக அமர்ந்திருப்பதும் முறையன்று. எனவே, தொழுகை முடிந்தபின் இமாமை அணுகி, அவர் ஓதிய ஏட்டைக் கேட்டுப் பெறுதலே நேரிய வழி. பெரும்பாலான இமாம்கள் அச்சிட்ட குத்பா நூலிலிருந்தோ தாமே எழுதிய தாளிலிருந்தோ ஓதுபவர்கள். மனமுவந்து கொடுப்பார்கள்.

தாள் கைக்கு வந்ததும் மொழிபெயர்க்கத் தொடங்கிவிடக் கூடாது. முதலில் அதைப் பகுத்துக்கொள்ள வேண்டும். குத்பா என்பது இரு பகுதிகள் கொண்டது. இடையே இமாம் சிறிது நேரம் அமர்ந்து எழுவார். தொடக்கத்தில் இறைவனைப் புகழ்தலும் நபிகள் மீது ஸலவாத்துக் கூறுதலும் வரும். பின்னர், “அம்மா பஃது” என்னும் இரு சொற்கள் வரும். தமிழ்ச் செவிக்குத் தாயை அழைப்பது போல் ஒலித்தாலும், ‘இனி, சொல்ல வந்த பொருளாவது’ என்பதே அதன் கருத்து. அவ்வாரத்துச் செய்தி அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. இரண்டாம் பகுதியின் இறுதியில் அனைவருக்குமான பிரார்த்தனை அமையும். வாரந்தோறும் மாறாது வரும் முன்னுரையையும் பிரார்த்தனையையும் சுருக்கத்தில் ஒரு வரியில் குறித்துவிட்டு, நடுவிலுள்ள செய்திக்கு முழு இடத்தையும் அளிக்க வேண்டும்.

அந்த நடுப்பகுதியிலும் மூவர் பேசுகின்றனர் என்பதை மறத்தலாகாது. திருக்குர்ஆன் வசனம் ஒன்று, நபிமொழி ஒன்று, இமாமின் சொந்த விளக்கம் ஒன்று என இவை கலந்தே வரும். அரபியில் கேட்பவர் ஓதும் தொனியைக் கொண்டே இவற்றைப் பிரித்தறிவார். அச்செழுத்தில் தொனி இல்லை. ஆகவே வசனம் எனில் அத்தியாய எண்ணும் வசன எண்ணும் தருதல் வேண்டும். நபிமொழி எனில் அவ்வாறே கூறுதல் வேண்டும். இமாமின் கூற்றை, ‘இமாம் விளக்கினார்’ எனப் பிரித்துக் காட்டல் வேண்டும். இமாமின் அறிவுரை திருமறையின் கட்டளையாகப் படிக்கப்பட்டுவிட்டால் அது பெரும் பிழையாகும்.

இனி, ரமலான் மாதத்தில் ஓதப்படும் குத்பா வகைகளுள் ஜகாத் பற்றிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் வரும் செய்தி எளியது. இருபது மிஸ்கால் பொன்னோ இருநூறு திர்ஹம் வெள்ளியோ உடையவர், அது ஓராண்டு தம்மிடம் இருந்ததாயின், நாற்பதில் ஒரு பங்கை ஜகாத்தாகக் கொடுக்க வேண்டும். அது ஃபக்கீர், மிஸ்கீன் முதலிய எட்டு வகையினருக்கு உரியது. அரபியில் இவை நான்கு வரிகள். தமிழில் சொல்லுக்குச் சொல் எழுதினால், நான்கு வரியிலும் நான்கு தவறுகள் விளையும்.

முதலாவது, திர்ஹம். இன்று நம் குடும்பங்களில் துபாய்க்கும் அபுதாபிக்கும் சென்றவர்கள் பலர். அவர்கள் வீட்டில், ‘இருநூறு திர்ஹம்’ என்று அச்சில் கண்டால் அமீரகத்து நாணயத்தையே நினைப்பர். அது சில ஆயிரம் ரூபாய்தான். அதை வைத்திருப்பவரெல்லாம் ஜகாத் கொடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு, தாமே ஜகாத் பெறத்தக்க நிலையிலுள்ள ஏழைத் தாய்கூட வந்துவிடுவார். குத்பாவில் வரும் திர்ஹம் நாணயத்தின் பெயராயினும் இங்கு ஓர் எடையளவே. ஏறக்குறைய மூன்று கிராம் வெள்ளி. இந்திய உலமாக்கள் இருநூறு திர்ஹத்தை ஐம்பத்திரண்டரைத் தோலா வெள்ளி என்றும், இருபது மிஸ்காலை ஏழரைத் தோலா பொன் என்றும் கணக்கிட்டுள்ளனர். ஒரு தோலா 11.664 கிராம். ஆகவே வெள்ளி 612.36 கிராம், பொன் 87.48 கிராம். எட்டு கிராம் கொண்ட நம் பவுனில் இது பதினொன்றுக்குச் சற்றுக் குறைவு. சுருக்கத்தில் கிராமையும் பவுனையும் எழுதுவதே சிறந்தது. ரூபாய்க் கணக்கை மட்டும் எழுதலாகாது. விலை நாள்தோறும் மாறுவது. மாத இதழோ வாசகரைச் சென்றடையப் பல நாள் ஆகும். ‘அன்றைய விலையில் கணக்கிடுக’ என்று எழுதுவதே பொருந்தும்.

இரண்டாவது, ஆண்டு. குத்பாவில் குறிப்பிடும் ஆண்டு பிறைக் கணக்கில் அமைந்தது. 354 அல்லது 355 நாட்கள். ‘ஓராண்டு’ என்று மட்டும் எழுதினால் நம் மக்கள் நாட்காட்டியின் 365 நாட்களையே எண்ணுவர். ஆண்டுக்குப் பதினொரு நாள் வீதம் பின்தங்கிச் செல்ல, முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஒருமுறை கொடுக்க வேண்டிய ஜகாத்தே விடுபட்டுப்போகும். ‘பிறையாண்டு’ என்னும் ஒரு சொல் இந்தப் பிழையைத் தவிர்த்துவிடும்.

மூன்றாவது, ஃபக்கீர். இச்சொல் தமிழில் ‘பக்கிரி’ எனத் திரிந்து, தப்ஸு கொட்டிப் பாடி ஊர்சுற்றும் துறவியைக் குறிக்கலாயிற்று. ‘ஜகாத்தைப் பக்கிரிகளுக்குக் கொடுங்கள்’ என்று எழுதினால், வாசகர் வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாயிலில் வரிசையாக அமர்ந்திருப்போரின் கைகளில் பணத்தைக் கொடுத்துக் கடமை முடிந்ததென வீடு திரும்புவார். ஆனால் அரபியில் ஃபக்கீர் என்பவர் தேவைக்குப் போதிய பொருள் இல்லாதவர். யாரிடமும் கை நீட்டாத அடுத்த வீட்டு விதவையும், கூலி வேலை இழந்த பின்னும் வெளியே சொல்லாதவரும் அதில் அடங்குவர். எனவே, ‘வறியோர்’ என்றெழுதி, ‘கேட்பவரும் கேட்க நாணுபவரும்’ என்ற விளக்கத்தைத் தம் சொல்லாகச் சேர்ப்பது நலம். எட்டு வகையினரை 9-ஆம் அத்தியாயத்தின் 60-ஆம் வசனம் கூறுகிறது. அவர்களுள் ‘இப்னுஸ் ஸபீல்’ என்பவரும் ஒருவர். சொற்படி, ‘பாதையின் மகன்’ என்றாகும். அவ்வாறு எழுதினால் எவருக்கும் விளங்காது. ஊரில் செல்வமுடையவராயினும், பயணத்தில் பொருளிழந்து தவிக்கும் ஒருவர் என்பதே கருத்து. சிகந்தராபாத் நிலையத்தில் பணப்பை களவுபோய், ஊர் திரும்பச் சீட்டு வாங்க வழியின்றி நிற்கும் குடும்பத்தை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். அவர்களும் இவ்வகையினரே.

இதனோடு தொடர்புடைய மற்றொரு சொல், ‘கரீப்’. உருதுவில் அது ஏழையைக் குறிக்கும். அரபியில் அது அந்நியர், தன் ஊரை விட்டுப் பிரிந்தவர் என்னும் பொருளுடையது. உருதுவின் வழியே அரபியை அறிந்தவர் இங்கேதான் எளிதில் இடறுவார். தகராறு என்று நாம் வழங்கும் சொல்லும் அரபியில் ‘திரும்பச் சொல்லுதல்’ என்றே பொருள்படும். ஆகவே அறிந்த சொல் எதிர்ப்படும்போதுதான் அகராதியைப் பார்க்க வேண்டும். அறியாத சொல்லுக்கு எவரும் பார்த்தே தீருவர்.

நான்காவதாகக் கூறுவது சொல்லைப் பற்றியதன்று. சொல்லாமல் விடப்படுவதைப் பற்றியது. இந்நகரத்துப் பள்ளிவாசல்களில் பெரும்பாலானவை ஹனஃபி முறையைப் பின்பற்றுவன. அம்முறையில் பெண்கள் அணியும் பொன் நகைக்கும் ஜகாத் உண்டு. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய கடற்கரையூர்க் குடும்பங்களோ பெரும்பாலும் ஷாஃபி முறையினர். வழக்கமான அளவில் அணியும் நகைக்கு அம்முறையில் ஜகாத் இல்லை. ஹனஃபி இமாம் ஒருவர், ‘பொன்னுக்கு ஜகாத் உண்டு’ என்று பொதுவாகக் கூறியிருப்பார். அவர் முன் அமர்ந்தோருக்கு அது போதுமானது. தமிழ்ச் சுருக்கத்தைப் படிப்போர் இருவகையினரும் ஆவர்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு மனைவியிடம் 15 பவுன் நகை உள்ளது. அதாவது 120 கிராம். ஹனஃபி முறைப்படி அது 87.48 கிராமைக் கடந்துவிட்டது. நாற்பதில் ஒன்று 3 கிராம். மூன்று கிராம் பொன்னோ அதன் அன்றைய விலையோ அவர் கொடுக்க வேண்டும். கடமையும் நகைக்குரியவரையே சாரும், கணவரைச் சாராது. அதே நகை ஷாஃபிக் குடும்பத்தில், அணியும் நகையாக இருப்பின், ஜகாத்துக்கு உட்படாது. ஆகவே சுருக்கத்தின் அடியில், ‘இது ஹனஃபி முறைப்படி கூறப்பட்டது, ஷாஃபி முறையினர் தம் ஆலிமிடம் கேட்டறிக’ என்ற ஒரு வரி இருத்தல் வேண்டும். அந்த வரி இல்லாவிடில் ஒரு வீட்டில் தேவையற்ற கலக்கமும், மற்றொரு வீட்டில் வீண் வாதமும் எழும்.

இவற்றையெல்லாம் கருத்திற்கொண்டு எழுதினால் சுருக்கம் இவ்வாறு அமையும்:

“புகழுரைக்கும் ஸலவாத்துக்கும் பின் இமாம் அவர்கள் ஜகாத் பற்றி உரைத்தார்கள். 87.48 கிராம் பொன் அல்லது 612.36 கிராம் வெள்ளி ஒரு பிறையாண்டு தம்மிடம் இருப்பின், நாற்பதில் ஒரு பங்கை வழங்குதல் கடமை. பெறுவோர் எட்டு வகையினர் எனத் திருக்குர்ஆன் (9:60) கூறுகிறது. அவர்களுள் வறியோரும் வழியில் பொருளிழந்தோரும் அடங்குவர். (மொழிபெயர்ப்பாளர் குறிப்பு: வறியோர் எனில் கேட்பவரும் கேட்க நாணுபவரும் ஆவர். எடைகள் இந்திய உலமாக்களின் கணக்குப்படி தரப்பட்டுள்ளன. ஹனஃபி முறைப்படி கூறப்பட்டது. ஷாஃபி முறையினர் தம் ஆலிமிடம் கேட்டறிக.)”

கிராம் அளவை இமாம் கூறவில்லை. அவர் கூறியது மிஸ்காலும் திர்ஹமும். அதனாலேயே எடைக் கணக்கு மொழிபெயர்ப்பாளர் குறிப்பில் சொல்லப்பட்டது. அரபியில் ஒரே கருத்தை இணை இணையான எதுகைச் சொற்களால் இருமுறை கூறும் வழக்கம் உண்டு. தமிழில் அதை ஒருமுறை கூறினால் போதும். இதனால் சுருக்கம் மூலத்தில் நாலிலொரு பங்காகக் குறைந்தாலும் பொருள் குறையாது.

அச்சுக்கு அனுப்புமுன் செய்ய வேண்டிய பணி ஒன்று எஞ்சியிருக்கிறது. எழுதிய தமிழை அவ்விமாமுக்கு உருதுவில் வாய்மொழியாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். தாம் கூறாத ஒன்று அதில் இருந்தால் அவர் உடனே தடுப்பார். தாம் கூறிய ஒன்று விடுபட்டிருந்தால் வினவுவார். இதற்குக் கால்மணி நேரம் போதும். ‘மிஸ்கால்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எழுதிய கிராமையும் அப்போதே காட்டி உறுதி செய்துகொள்ளலாம். நோன்பு மாதம் பிறக்கும் முன்னரே இவ்வேற்பாட்டைச் செய்துகொள்வது நலம். ஏனெனில் ஜகாத் கணக்கைப் பலர் அம்மாதத்திலேயே தீர்க்கின்றனர். பெருநாளுக்குப் பின் வந்து சேரும் திருத்தம், கொடுத்துவிட்ட பணத்தை மீட்டுத் தராது.