பேசியதை எழுத்தில் போடுங்கள்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனிக்கு அட்டைப்பெட்டி விற்க நினைப்பவர், அதன் பர்ச்சேஸ் மேனேஜருடன் போனில் அரை மணி நேரம் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு நன்றாகவே முடிகிறது. ஆனால் "சீக்கிரம் சாம்பிள் அனுப்புறேன் சார்" என்றதை இவர் அடுத்த வாரம் என்று நினைக்கிறார். அவரோ நாளைக்கே என்று நினைக்கிறார். ஆர்டர் கைநழுவுவது இங்கேதான்.

அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போட்டுவிட வேண்டும். முதலில் அவருடைய தேவை, அவர் சொன்ன வார்த்தையிலேயே: "மாதம் 2,000 பெட்டி, 5 பிளை. இப்போது வரும் பெட்டிகள் மழைக்காலத்தில் நமுத்து, அடுக்கும்போது அடிப்பெட்டி நசுங்குகிறது என்றீர்கள்." இந்த இடத்தில் தங்கள் கம்பெனிப் பெருமையை நுழைப்பவர்கள் உண்டு, படிப்பவர் அங்கேயே மூடிவிடுவார்.

அடுத்து, இரு பக்கமும் ஒப்புக்கொண்டவை. "பெட்டியின் உள்ளளவையும் அச்சிட வேண்டிய ஷிப்பிங் மார்க்கையும் திங்களன்று அனுப்புவதாகச் சொன்னீர்கள். அவை வந்ததும் வியாழனுக்குள் 3 சாம்பிள் அனுப்புகிறேன்." இப்படி எழுதிவிட்டால் தாமதம் யாரால் என்ற சண்டை வராது. விலையை யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் அவர் சொன்னார் என்றால், ஒப்புக்கொண்டதாக எழுதிவிடக் கூடாது. அது தந்திரம் அல்ல, நம்பிக்கைக் கேடு.

கடைசியில் "உங்கள் முடிவை எதிர்பார்க்கிறேன்" வேண்டாம். "சனி காலை 11 மணிக்குக் கூப்பிடட்டுமா? மேலே தவறு இருந்தால் திருத்துங்கள்" என்று கேளுங்கள். அவர் "சரி" என்று பதில் போட்டால் அதுவே இருவருக்கும் ஆதாரம்.