இந்த டீமுக்கு வேண்டாம் என்றால், பக்கத்து டீமுக்கு?

நேர்காணல் முடிந்து சில நாட்களில் வரும் நிராகரிப்பு மின்னஞ்சலில் அனேகமாக ஒரு வரி தவறாமல் இருக்கும். உங்களுக்குப் பொருத்தமான வேறு வாய்ப்பு வந்தால் தொடர்புகொள்கிறோம் என்று. ஆளெடுக்கும் பிரிவில் சில காலம் வேலை பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், அவர்களாகத் தொடர்புகொள்வது அபூர்வம். அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. அடுத்த வாரமே வேறு நூறு விண்ணப்பங்கள் வந்து பழையதை மூடிவிடுகின்றன. ஆனால் விண்ணப்பித்தவரே முன்வந்து, 'இந்த டீமுக்கு இல்லையென்றால் அந்த டீமுக்கு என்னைப் பார்க்க முடியுமா?' என்று கேட்டு, வேலை கிடைத்ததும் உண்டு. அதை யாரிடம், எப்போது, எப்படிக் கேட்பது என்பதைப் பார்ப்போம். உதாரணத்துக்கு மென்பொருள் நிறுவனங்களை எடுத்துக்கொள்கிறேன், இந்த வழக்கம் அங்கேதான் அதிகம்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். ஒரு டீமுக்கு ஆள் தேவைப்பட்டால் அதன் மேனேஜர் பட்ஜெட்டுக்கு ஒப்புதல் வாங்கி ஒரு 'ரிக்விசிஷன்' திறப்பார். அதற்கு ஓர் எண் உண்டு. நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் நீங்கள் பார்க்கும் எண் பெரும்பாலும் அதுதான். உங்கள் விண்ணப்பம், நீங்கள் போன சுற்றுகள், ஒவ்வொரு சுற்றிலும் கேள்வி கேட்டவர் எழுதிய குறிப்பு, எடுக்கலாமா வேண்டாமா என்று அவர் சொன்ன தீர்ப்பு எல்லாம் அந்த எண்ணின் கீழ் சேமிக்கப்படும். வொர்க்டே, கிரீன்ஹவுஸ், நம் ஊர் ஜோஹோ ரெக்ரூட் போன்ற மென்பொருள்கள் செய்வது இதைத்தான். ஒருவரை நிராகரிக்கும்போது ரிக்ரூட்டர் வழக்கமாக ஒரு காரணத்தையும் அதில் பதிவுசெய்வார். அந்தக் காரணம் உங்களுக்கு அனுப்பப்படும் மெயிலில் வராது. எல்லாருக்கும் ஒரே மெயில்தான்.

ஆக, மெயில் ஒன்றாக இருந்தாலும் அதன் பின்னால் இருக்கும் 'இல்லை' ஒன்றல்ல. இடம் இல்லாமல் போனதால் வருவது ஒரு வகை. உங்களைவிடக் கொஞ்சம் மேலாக இன்னொருவர் அமைந்துவிட்டார், அல்லது அந்த ரிக்விசிஷனையே நிறுத்திவைத்துவிட்டார்கள். அந்த டீம் கேட்ட குறிப்பிட்ட திறமை உங்களிடம் குறைவாக இருந்தது இரண்டாவது வகை. மூத்த நிலைக்குப் பார்த்தார்கள், நீங்கள் அதற்கு ஒரு படி கீழே இருந்தீர்கள் என்பது மூன்றாவது. இந்த மூன்றிலும் வேறு டீமைக் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. நான்காவது வகையில் இல்லை. எல்லா டீமுக்கும் பொதுவான அடிப்படைச் சுற்றிலேயே விழுந்துவிட்டாலோ, சொன்ன அனுபவத்துக்கும் கேள்விக்குச் சொன்ன பதிலுக்கும் ஒட்டவில்லை என்று யாராவது எழுதிவைத்திருந்தாலோ, பக்கத்து டீம் மேனேஜரும் அந்தக் குறிப்பைத்தான் முதலில் படிப்பார்.

எந்த வகை என்று வெளியிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். முதல் கோடிங் சுற்றோடு கதவு மூடிவிட்டால் நான்காவது வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மேனேஜர் சுற்றுவரை போய், சம்பளம், நோட்டீஸ் பீரியட் எல்லாம் விசாரித்து, அதன்பிறகு இரண்டு வாரம் மௌனமாக இருந்து, பிறகு 'இல்லை' வந்தால் அது பெரும்பாலும் முதல் வகை. உங்களை இரண்டாவது ஆளாக வைத்துக்கொண்டு முதல் ஆளின் சம்மதத்துக்குக் காத்திருந்திருப்பார்கள்.

ஒரு கற்பனை விண்ணப்பதாரரை வைத்து இதை நடத்திப் பார்ப்போம். நாலு வருடமாக ஒரு சர்வீஸ் கம்பெனியில் வங்கி வாடிக்கையாளருக்கு வேலை பார்க்கும் பெண். சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு புராடக்ட் கம்பெனியின் பேமெண்ட் டீமில், பேக்எண்ட் டெவலப்பர் வேலைக்கு நேர்காணல் போகிறார். கோடிங் சுற்று நன்றாகப் போகிறது. டிசைன் சுற்றில், ஒரே நேரத்தில் லட்சக்கணக்கான பரிவர்த்தனைகள் வந்தால் அமைப்பை எப்படிக் கட்டுவாய் என்ற கேள்வியில் திணறுகிறார். மேனேஜர் சுற்றில் ஒரு விஷயம் நடக்கிறது. வங்கியின் சர்வர் ஒவ்வொரு இரவும் நின்றுபோனதையும், லாக்குகளைத் துழாவி மெமரி லீக்கை இவர் கண்டுபிடித்ததையும் சொல்கிறார். மேனேஜர் அதைப் பற்றியே பாதி நேரம் கேள்வி கேட்கிறார். பிறகு 'இல்லை' வருகிறது.

இவருடைய 'இல்லை' இரண்டாவது வகை. விழுந்த இடம் டிசைன். நின்ற இடம், ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில் கோளாறைத் தேடிப் பிடிப்பது. அந்த வேலையையே முழுநேரமாகச் செய்யும் டீம்கள் பெரிய புராடக்ட் கம்பெனிகளில் உண்டு. புரொடக்‌ஷன் சப்போர்ட், சைட் ரிலயபிலிட்டி என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். இவர் முதலில் செய்ய வேண்டியது, நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்துக்குப் போய் அப்படியொரு வேலை இப்போது திறந்திருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொள்வது. இந்த எண் இல்லாமல் கேட்பவர்கள்தான் பதிலே கிடைக்காமல் போகிறவர்கள். காரணம் எளிது. உங்களிடம் பேசிய ரிக்ரூட்டர் அந்த டீமுக்கான ரிக்ரூட்டராக இருக்கமாட்டார். உங்களுக்காக வேலை தேடிப் பார்க்க அவருக்கு நேரம் கிடையாது. எண்ணைக் கையில் கொடுத்தால், அதைப் பார்க்கும் சக ஊழியருக்கு அனுப்பிவிடுவது அவருக்கு ஒரு நிமிட வேலை.

நிராகரிப்பு வந்த ஓரிரு நாளில், அதே மெயிலுக்குப் பதிலாகவே எழுதலாம். ஆங்கிலத்தில்தான் எழுதுவார், சாரம் இப்படி இருக்கும்:

'வணக்கம் மேடம். முடிவைத் தெரிவித்ததற்கு நன்றி. டிசைன் சுற்றில் என் பதில் போதவில்லை என்று எனக்கே தெரிந்தது. மேனேஜர் சுற்றில் நாங்கள் அதிகம் பேசியது, வங்கி சர்வரில் நான் கண்டுபிடித்த மெமரி லீக்கைப் பற்றி. உங்கள் நிறுவனத்தில் இந்த எண்ணில் திறந்திருக்கும் புரொடக்‌ஷன் சப்போர்ட் வேலை அதோடு நேராகப் பொருந்துகிறது. அதைக் கவனிக்கும் ரிக்ரூட்டருக்கு என் விவரத்தையும் நேர்காணல் குறிப்புகளையும் அனுப்ப முடியுமா? கூலிங் பீரியட் இதற்கும் பொருந்துமென்றால் அதையும் தெரிவியுங்கள்.'

இவ்வளவுதான். முடிவை மறுபரிசீலனை செய்யச் சொல்லவில்லை, அப்படிக் கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எந்த வேலையானாலும் பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. நம் ஊரில் பணிவு என்று நினைத்துப் பலர் இந்த வரியைச் சேர்க்கிறார்கள். படிப்பவருக்கு அது பணிவாகத் தெரியாது, இவருக்கு எந்த வேலை வரும் என்று இவருக்கே தெரியவில்லை என்றுதான் தெரியும். பேமெண்ட் டீம் மேனேஜருக்கு லிங்க்டுஇன் வழியாகத் தனியாக எழுதுவதையும் நான் தவிர்க்கச் சொல்வேன். ரிக்ரூட்டரைத் தாண்டிப் போனதாக அவர் எடுத்துக்கொள்வார், கோப்பு அவர் கையில்தான் இருக்கிறது.

இதில் புதிய டீமுக்கு என்ன லாபம்? ஏற்கெனவே மூன்று பேர் பார்த்து எழுதிய குறிப்பு இருக்கிறது. கோடிங் சுற்றை மறுபடி வைக்காமல், ஒன்றிரண்டு சுற்றில் முடித்துவிடலாம். இது எல்லா நிறுவனத்திலும் ஒரே அளவில் செல்லாது. கூகுளில் பல பொறியாளர் வேலைகளுக்கு, நேர்காணலில் தேறுவதும் எந்த டீம் என்பதும் தனித்தனிப் படிகள். தேறிய ஒருவர் ஒரு டீமோடு ஒத்துவராவிட்டால் அடுத்த டீமோடு பேசலாம். அமேசானில் நேர்காணல் குழுவில் 'பார் ரெய்சர்' என்று வேறு டீமைச் சேர்ந்த ஒருவர் உட்காருவார். அந்த டீமின் அவசரத்துக்காக அளவுகோலைத் தாழ்த்திவிடாமல் பார்ப்பது அவர் வேலை. அப்படிப்பட்டவரின் குறிப்பைப் பக்கத்து டீம் நம்பி எடுத்துக்கொள்ளும். சிறிய நிறுவனத்தில், ஒரு மேனேஜர் தன் போக்கில் கேட்ட கேள்விகளுக்கு அந்த மதிப்பு இருக்காது. அங்கே முதலிலிருந்து எல்லாச் சுற்றும் வைப்பார்கள். அதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை.

கடிதம் சரியாக இருந்தும் இரண்டு இடங்களில் முட்டலாம். ஒன்று, கூலிங் பீரியட். நிராகரிக்கப்பட்டவர் ஆறு மாதமோ ஒரு வருடமோ மறுபடி விண்ணப்பிக்கக் கூடாது என்று பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. சில இடங்களில் அது அதே வகை வேலைக்கு மட்டும், சில இடங்களில் எல்லாவற்றுக்கும். இதைக் கேட்காமல், கோபத்தில் அன்றிரவே போர்ட்டலில் ஏழெட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிடுவார்கள். மென்பொருளில் ஒரே பெயர் வரிசையாக விழுவதை ரிக்ரூட்டர் பார்ப்பார். தடை இருந்தால் அத்தனையும் தானாகவே தள்ளுபடியாகும், இல்லையென்றாலும் நீங்கள் குறிப்பாகக் கேட்ட ஒன்றின் எடை போய்விடும்.

மற்றொன்று கன்சல்டன்சி, இது பலருக்குத் தெரியாது. நீங்கள் ஒரு கன்சல்டன்சி மூலமாகப் போயிருந்தால், குறிப்பிட்ட காலம்வரை அந்த நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் அவர்கள் கொண்டுவந்த ஆள். ஒப்பந்தத்தில் அந்தக் காலம் எழுதப்பட்டிருக்கும், ஆறு மாதம் என்பது பரவலான வழக்கம். அதற்குள் எந்த டீம் உங்களை எடுத்தாலும் கமிஷன் கொடுக்க வேண்டும் என்பதால், நீங்கள் நேராக எழுதினால் ரிக்ரூட்டர் பதில் சொல்லத் தயங்குவார். கன்சல்டன்சிக்காரரிடமே எண்ணைக் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். கமிஷன் அவருக்கும் வேண்டும், கேட்பார்.

மூன்றாவது வகை 'இல்லை' வந்தவர்களுக்கு, அதே டீமில் ஒரு படி கீழே என்று கேட்கிற வழியும் இருக்கிறது. இதை நிறுவனங்களே செய்வதுண்டு. கல்லூரி மாணவர்களை டி.சி.எஸ். எடுக்கும்போது நிஞ்சா, டிஜிட்டல், பிரைம் என்று நிலைகள் வைத்து, ஒரே தேர்விலிருந்து ஆட்களைப் பிரிப்பதை நம் பொறியியல் மாணவர்கள் அறிவார்கள். ஆனால் அனுபவம் உள்ளவர் கீழ்ப்படியைக் கேட்பதற்கு முன் யோசிக்க வேண்டும். சம்பள வரம்பு அந்தப் படியோடு கட்டப்பட்டது, சேர்ந்த பிறகு பதவி உயர்வு வந்தால்தான் அது நகரும். நம் பெண்ணின் விஷயத்திலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. சப்போர்ட் டீமில் சேர்ந்துவிட்டுப் பிறகு பேமெண்ட் டீமுக்கு மாறிக்கொள்ளலாம் என்று அவர் கணக்குப் போட்டால், உள் இடமாற்றத்துக்கு முன் எவ்வளவு காலம் அதே டீமில் இருக்க வேண்டும் என்று கேட்டுவிட வேண்டும். ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்று விதி இருக்கும். சில இடங்களில் இடமாற்றத்துக்கும் மறுபடி நேர்காணல் உண்டு. இரவுப் பணி சுழற்சியில் வருமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம், சப்போர்ட் வேலையில் அது சாதாரணம்.

கடிதத்துக்கு ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அங்கே நிறுத்திவிட்டு, கூலிங் பீரியட் முடியும் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு விண்ணப்பிக்கும்போது, முன்பு நேர்காணல் வந்ததை மறைக்க வேண்டாம். பழைய குறிப்புகள் பெரும்பாலும் அவர்களுடைய மென்பொருளில் அப்படியே இருக்கும்.