பொறித் தெரிவு

எவரும் வாங்காத ஒரு பொருளால் விற்பனையாளருக்கு இலாபம் கிடைக்குமா? கிடைக்கும். "த எக்கொனமிஸ்ட்" என்னும் ஆங்கிலச் சஞ்சிகை ஒருமுறை தனது வருடச் சந்தாவை மூன்று விதமாக அறிவித்தது. இணையப் பதிப்பு மட்டும் 59 டொலர். அச்சுப் பதிப்பு மட்டும் 125 டொலர். இரண்டும் சேர்த்து 125 டொலர். இரண்டாவதை யார்தான் கேட்பார்? அச்சுப் பிழையோ என்றுகூட நினைக்கத் தோன்றும்.

டான் ஏரியலி என்னும் ஆய்வாளர் இவ்வறிவித்தலை அமெரிக்க மாணவர் 100 பேரிடம் காட்டினார். 16 பேர் முதலாவதையும் 84 பேர் மூன்றாவதையும் தெரிவு செய்தனர். இரண்டாவதை ஒருவரும் எடுக்கவில்லை. எனவே அதனை நீக்கிவிட்டு வேறு 100 பேரிடம் கேட்டார். இப்போது 68 பேர் மலிவான இணையப் பதிப்பையே எடுத்தனர். 32 பேர் மாத்திரமே 125 டொலருக்கு உடன்பட்டனர். மொத்த வருமானம் 11,444 டொலரிலிருந்து 8,012 டொலராகக் குறைந்துவிடுகிறது.

காரணம் யாது? இணையத்தையும் அச்சையும் ஒப்பிடுவது கடினம். ஆனால் ஒரே விலையுள்ள இரண்டை ஒப்பிடுவது மிக எளிது. மனம் எளிதான ஒப்பீட்டைப் பிடித்துக்கொள்கிறது.

பொறித் தெரிவு என்றால் மலிவான, தரங்குறைந்த பொருள் எனச் சிலர் எழுதுவர், அது தவறு. அது விற்பனையாளர் விரும்பும் பொருளைவிடத் தெளிவாகத் தாழ்ந்ததாகவும், மற்றையதைவிட அவ்வாறு தாழாததாகவும் இருத்தல் வேண்டும். மேலே இரண்டாவது, மூன்றாவதைவிடத் தாழ்ந்தது. முதலாவதில் இல்லாத அச்சுப் பிரதி அதில் உண்டு.

இவ்விளைவு எங்கும் தோன்றுவதில்லை. தெரிவுகளை எண்களாகவன்றிப் படங்களாகக் காட்டியபோது அது பெரும்பாலும் மறைந்துபோனதை 2014 இல் வெளியான ஆய்வுகள் காட்டின.