விடுதி விண்ணப்பமும் உள்ளூர்ப் பாதுகாவலரும்

மேலப்பாளையத்தில் எங்கள் தெருவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர், தம் மூத்த மகளைச் சென்னையிலுள்ள மகளிர் கல்லூரி ஒன்றில் சேர்த்தார். இடமும் கிடைத்தது, கட்டணமும் கட்டியாயிற்று. விடுதி அலுவலகத்தில்தான் தடங்கல் நேர்ந்தது. "எங்கள் விடுதி வெளியூர் மாணவியருக்கு மட்டுமே உரியது. ஆதார் அட்டைப்படி உங்கள் மகள் சென்னைவாசியல்லவா?" என்று கேட்டு, காப்பாளர் அம்மையார் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நடந்தது இதுதான். 'புதிய ஊரில் முகவரிச் சான்று கேட்பார்கள். முன்கூட்டியே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்' என்று யாரோ சொன்ன யோசனையைக் கேட்டு, கோடை விடுமுறையிலேயே மகளின் ஆதார் முகவரியை மண்ணடியில் வசிக்கும் தம் தம்பியின் வீட்டு முகவரிக்கு அவர் மாற்றிவிட்டார். பிள்ளைக்கு உதவும் என்று செய்த காரியம், பிள்ளையின் விடுதி இடத்திற்கே ஆபத்தாக முடிந்தது.

பெற்றோர்கள் இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். கல்லூரி விண்ணப்பத்தில் 'நிரந்தர முகவரி' என்றும் 'தற்போதைய முகவரி' என்றும் இரண்டு கட்டங்கள் உண்டு. நிரந்தர முகவரி என்பது பெற்றோர் குடியிருக்கும் ஊர்; குடும்ப அட்டையில் பிள்ளையின் பெயர் உள்ள இடம். விடுதியில் இடம் குறைவாக இருப்பதால், தினமும் வீட்டிலிருந்து வந்துபோக முடியாதவர்களுக்கே முதலிடம் தருகிறார்கள். 'வெளியூர் மாணவி' என்பதை அவர்கள் அந்த நிரந்தர முகவரியைக் கொண்டே முடிவு செய்கிறார்கள். ஆதாரிலோ ஒரே ஒரு முகவரிதான் இடம்பெறும். அதை உறவினர் வீட்டுக்கு மாற்றினால், தாள்களின் பார்வையில் பிள்ளை அவ்வூர்வாசியாகிவிடுகிறாள்.

சகோதரர் என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு மறுநாள் மீண்டும் சென்றார். மகளின் பெயர் உள்ள மேலப்பாளையம் குடும்ப அட்டை, பெற்றோர் இருவரின் ஆதார் நகல், ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றைக் காட்டி, நடந்ததை ஒளிக்காமல் ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்தோம். எங்கள் மஹல்லா ஜமாஅத்தின் கடிதமும் கையில் இருந்தது. அம்மையார் அதை மரியாதையுடன் படித்துப் பார்த்துவிட்டு, "இது உங்களைப் பற்றிய நற்சான்று, முகவரிச் சான்றாக இதைக் கோப்பில் வைக்க இயலாது" என்றார். அது நியாயமே. ஜமாஅத் கடிதம் வாடகைக்கு வீடு தருபவரின் மனத்தில் நம்பிக்கையை உண்டாக்கும். அரசு ஆவணத்தின் இடத்தை அது பெறாது. இறுதியில், ஆதார் முகவரியைப் பழையபடி திருத்தித் தர வேண்டும் என்ற நிபந்தனையுடன் இடம் கொடுத்தார்கள்.

திருத்துவது எளிதாகவே இருந்தது. 2023ஆம் ஆண்டு முதல், குடும்பத் தலைவரின் ஒப்புதலைக் கொண்டு முகவரியை மாற்றும் வழி ஆதார் இணையதளத்தில் உள்ளது. மகளின் கணக்கில் நுழைந்து, தகப்பனாரின் ஆதார் எண்ணைக் குறிப்பிட்டு, இருவரின் உறவையும் காட்டும் குடும்ப அட்டையை இணைத்தோம். தகப்பனாரின் கைப்பேசிக்குத் தகவல் வந்தது. அதன்பின் அவர் தம் கணக்கில் நுழைந்து 30 நாட்களுக்குள் ஒப்புதல் தர வேண்டும். தவறினால் விண்ணப்பம் முடிந்துபோகும். இருவருடைய கைப்பேசி எண்களும் ஆதாரில் பதிவாகியிருந்தால்தான் இவ்வழி பயன்படும்.

அப்படியானால் புதிய ஊரில் வங்கிக் கணக்குக்கும் பாஸ்போர்ட்டுக்கும் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். ஆதாரை மாற்றாமலேயே இவை நடக்கும். வங்கியில் ஊர் முகவரியுள்ள ஆதாரைக் கொடுத்து, இப்போது வசிக்கும் முகவரியைத் தாமே உறுதிமொழியாக எழுதித் தரலாம். ரிசர்வ் வங்கியின் விதி இதற்கு இடம் தருகிறது. பாஸ்போர்ட்டுக்கு, 'இவர் எங்கள் மாணவர். இன்ன விடுதியில் தங்கியிருக்கிறார்' என்று கல்லூரி முதல்வர் தரும் போனஃபைடு சான்றிதழ் உதவும். 18 வயது நிறைந்த மாணவர் வாக்காளர் பட்டியலில் சொந்த ஊரிலோ விடுதி முகவரியிலோ பெயர் சேர்க்கலாம். ஆனால் இரண்டில் ஓர் இடத்தில் மட்டுமே. விடுதி வாழ்க்கை மூன்றாண்டில் முடிந்துவிடும். ஊர் முகவரியோ வட்டாட்சியரிடம் சாதிச் சான்றும் இருப்பிடச் சான்றும் வாங்கும்போதெல்லாம் தேவைப்படும்.

இனி, இரண்டாவது தாளுக்கு வருவோம். 'உள்ளூர்ப் பாதுகாவலர்' படிவம் அது. பெரும்பாலான விடுதிகளில் அதன் அமைப்பு ஒன்றுபோலவே இருக்கும். பாதுகாவலரின் புகைப்படம், கையொப்பம், முகவரிச் சான்று, தொலைபேசி எண், மாணவிக்கு என்ன உறவு என்ற விவரம், பெற்றோரின் ஒப்புதல் ஆகியவற்றைக் கேட்பார்கள். நம்மில் பலர் இதை ஒரு சடங்காக எண்ணி, அந்நகரில் நினைவுக்கு வரும் முதல் உறவினரின் பெயரை எழுதிவிடுகிறோம். இந்தச் சகோதரரும் தம்பியின் பெயரையே எழுதியிருந்தார்.

ஆடி மாதத்தில் ஒருநாள் இரவு பத்து மணிக்கு அப்பெண்ணுக்குக் கடும் காய்ச்சல். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாம் என்றாலும், உடனிருக்க ஒருவர் வேண்டுமே. காப்பாளர் பாதுகாவலரின் எண்ணுக்கு மூன்று முறை அழைத்தும் பதில் இல்லை. சாச்சா வியாபார விஷயமாகப் பெங்களூர் சென்றிருந்தார். கைப்பேசி அணைந்து கிடந்தது. புதுப்பேட்டையில் இருந்த மாமி, அதாவது தகப்பனாரின் உடன்பிறந்தவர், செய்தி கேட்டு ஆட்டோ பிடித்து ஓடிவந்தார். ஆனால் படிவத்தில் பெயரும் படமும் இல்லாத ஒருவருடன் இரவில் மாணவியை அனுப்ப விதியில்லை. ஊரிலிருந்து வாப்பா பேசி, கடிதம் எழுதிப் படமெடுத்து அனுப்பி, காப்பாளரும் உடன்வரச் சம்மதித்த பிறகே புறப்பட்டார்கள். இதற்குள் ஒன்றரை மணி நேரம் கழிந்துவிட்டது. அல்லாஹ்வின் கிருபையால் பிள்ளை நான்கு நாளில் தேறினாள்.

காப்பாளரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. உறவினர் என்று சொல்லிக்கொண்டு வருபவருடன் எல்லாம் பிள்ளையை அனுப்பிவிடும் விடுதியில் நாம் நம் பெண்ணைச் சேர்ப்போமா?

அடுத்த வாரமே படிவத்தை மாற்றினார்கள். பழைய பாதுகாவலர் விலகுவதாக ஒரு கடிதம், தகப்பனாரின் வேண்டுகோள் கடிதம், மாமியின் படமும் முகவரிச் சான்றும் கொடுக்கப்பட்டன. மாமி நேரில் வந்து கையொப்பமிட்டார். அவர் அரை மணி நேரத்தில் விடுதிக்கு வரக்கூடியவர், இரவில் தொலைபேசியை எடுப்பவர், வெளியூர்ப் பயணம் இல்லாதவர். பாதுகாவலரிடம் பார்க்க வேண்டிய தகுதிகள் இவையே. அவருடைய செல்வாக்கோ பதவியோ அல்ல. மாமாவின் பெயரும் படமும் 'பார்வையாளர்' பட்டியலில் சேர்க்கப்பட்டன.

இந்தப் படிவத்திற்கு ஓர் எல்லையும் உண்டு. இதில் கையொப்பமிடுவதால் ஒருவர் சட்டப்படியான பாதுகாவலராகிவிட மாட்டார். விடுதிக்கும் பெற்றோருக்கும் இடையிலான ஏற்பாடு மட்டுமே இது. 18 வயது நிறைந்த மாணவி சிகிச்சைக்குத் தன் சம்மதத்தைத் தானே தருவாள். ஆனால் கல்லூரியில் சேரும் பிள்ளைகளில் பலருக்கு 17 வயதுதான் ஆகியிருக்கும். அவர்களுக்காகச் சம்மதம் தர வேண்டியவர்கள் பெற்றோர்களே. எனவே, 'அவசர நேரத்தில் என் மகளை மருத்துவமனையில் சேர்க்க இன்னாருக்கு அனுமதி அளிக்கிறேன்' என்று தகப்பனார் கையொப்பமிட்ட கடிதம் ஒன்று விடுதிக் கோப்பிலும், இன்னொன்று பாதுகாவலரின் கையிலும் இருப்பது நல்லது.

பாதுகாவலரின் ஆதார் நகலைக் கொடுக்கும்போது, கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் வகையை ஆதார் இணையதளத்திலிருந்து எடுத்து, 'விடுதிச் சேர்க்கைக்கு மட்டும்' என்று தேதியுடன் எழுதிக் கொடுங்கள். நமக்காகக் கையொப்பமிடும் உறவினரின் தாளும் நம்மிடம் ஓர் அமானிதம்தான்.

பிள்ளையைப் பேருந்து ஏற்றும் முன்பே, நீங்கள் எழுதப்போகும் பெயருக்குரியவரை நேரில் கண்டு, "இரவு இரண்டு மணிக்கு அழைத்தாலும் வருவீர்களா?" என்று வாய்திறந்து கேளுங்கள். அவர் தயங்கினால் வருந்த வேண்டாம்; வேறொருவரைத் தேட உங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.